ஆண்டுச் சந்தா மொத்தமாக வந்தால் மாதாமாதம் வருமானம் எழுதுவது எப்படி?

வேலூர் சத்துவாச்சாரியில் ஒரு சிறு மென்பொருள் நிறுவனம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பில் போடவும் சரக்கு இருப்பைப் பார்க்கவும் ஒரு மென்பொருளை இணையம் வழியாகத் தருகிறார்கள். மேல்விஷாரத்தில் தோல் வியாபாரி, ஆம்பூரில் ஷூ தைக்கும் சிறிய யூனிட், காட்பாடியில் மருந்துக் கடை என்று பழைய வட ஆற்காடு முழுக்க வாடிக்கையாளர்கள். சந்தா ஆண்டுக்கு 24,000 ரூபாய், ஜிஎஸ்டி தனி. முழுப் பணத்தையும் முதலிலேயே வாங்கிவிடுவார்கள்.

அங்கே புதிதாகக் கணக்கு எழுதச் சேர்ந்தவருக்காக இந்தக் கட்டுரை. பணம் ஒரே நாளில் வருகிறது, சேவை பன்னிரண்டு மாதம் போகிறது. இந்த இரண்டையும் கணக்கில் எப்படிப் பொருத்துவது என்பதை மட்டும் பார்ப்போம். ஒருமுறை விலை கொடுத்து வாங்கி நிரந்தரமாக வைத்துக்கொள்ளும் மென்பொருளுக்கு வேறு விதி. அது இங்கே வராது.

பணம் வந்த அன்று நமக்கு என்ன சேர்ந்தது?

ஆஸ்பத்திரிப் பக்கத்து மெஸ்ஸில் ஒரு மாதச் சாப்பாட்டுக்கு முன்பணம் கட்டி டோக்கன் வாங்குகிறோம். அன்றைக்கு மெஸ்காரர் கையில் பணம் இருக்கிறது, ஆனால் அவர் இன்னும் ஒரு வேளைகூடச் சமைத்துப் போடவில்லை. அந்தப் பணத்துக்கு ஈடாக அவர் முப்பது நாள் சாப்பாடு கடன்பட்டிருக்கிறார். சந்தாவும் அப்படித்தான். 24,000 ரூபாய் வங்கியில் விழுந்த நிமிடத்தில் நிறுவனத்துக்கு ஒரு சொத்தும் சேர்கிறது, அதே அளவுக்கு ஒரு கடமையும் சேர்கிறது. ஒவ்வொரு மாதம் சேவை கொடுத்து முடிக்கும்போதும் அந்தக் கடமையில் ஒரு பங்கு கழிகிறது. கழிந்த பங்குதான் வருமானம்.

அந்தக் கடமையை வைக்க ஒரு லெட்ஜர் வேண்டும். 'ஈட்டாத சந்தா வருமானம்' என்று பெயர் வைக்கலாம். ஆடிட்டர்கள் பேச்சில் அது டெஃபர்டு ரெவின்யூ. டேலியில் அதை நடப்புக் கடன்கள் குழுவின் கீழ் திறக்க வேண்டும். வருமானக் குழுவின் கீழ் திறந்துவிட்டால் இதுவரை சொன்னதெல்லாம் வீண், பணம் நேராக லாப நட்டக் கணக்குக்குப் போய்விடும். கம்பெனிகளின் பேலன்ஸ் ஷீட்டில் இந்தத் தொகை 'முன்கூட்டியே பெற்ற வருமானம்' என்ற வரியில் வரும். மூன்று ஆண்டுச் சந்தாவை ஒன்றாக வாங்கியிருந்தால், 12 மாதத்துக்கு அப்பால் போகும் பங்கை நீண்டகாலக் கடன்கள் பக்கம் தனியாகக் காட்ட வேண்டும்.

இது ஒரு அலுவலகத்தின் சொந்த வழக்கமும் அல்ல. சிறிய கம்பெனிகள் பின்பற்றும் ஏஎஸ் 9 கணக்கியல் தரம், சந்தாப் பணத்தைத் தள்ளிவைத்துக் காலத்துக்குச் சமமாகப் பிரித்து எழுதும் முறையைச் சொல்கிறது. பத்திரிகைச் சந்தாவை எடுத்துக்காட்டாக வைத்தே அதை விளக்குகிறது. பெரிய கம்பெனிகளுக்கு 2018 ஏப்ரல் 1 முதல் இண்ட் ஏஎஸ் 115 நடப்பில் இருக்கிறது. அதில் இந்தத் தொகைக்கு 'ஒப்பந்தக் கடன்' என்று பெயர். நம் எடுத்துக்காட்டு போன்ற நேரான சந்தாவுக்கு இரண்டிலும் கணக்கு ஒரே மாதிரிதான் வரும்.

முதல் பதிவு: இன்வாய்ஸ் போடும் நாள்

மேல்விஷாரம் வியாபாரியை எடுத்துக்கொள்வோம். அவருடைய சந்தா 2025 டிசம்பர் 1 முதல் 2026 நவம்பர் 30 வரை. இன்வாய்ஸ் 24,000 ரூபாய், 18 சதவீத ஜிஎஸ்டி 4,320, மொத்தம் 28,320. அவரும் தமிழ்நாடு, நாமும் தமிழ்நாடு என்பதால் வரி சிஜிஎஸ்டி 2,160, எஸ்ஜிஎஸ்டி 2,160 என்று இரண்டாகப் பிரியும்.

இந்த 4,320 ரூபாய் எந்தக் காலத்திலும் நம் வருமானம் ஆகாது. அரசுக்காக வாங்கி வைத்திருக்கும் பணம் அது. அதனால் மாதத்துக்குப் பிரிக்கும் கணக்கில் அதைச் சேர்க்கவே கூடாது. 28,320-ஐப் பன்னிரண்டால் வகுத்து 2,360 என்று எழுதுவது புதியவர்கள் அதிகம் செய்யும் தவறு. மாத வருமானம் 2,000 மட்டும்தான்.

டேலியில் நான் பரிந்துரைப்பது இரண்டு பதிவாகச் செய்வது. முதலில் வழக்கம் போல F8-இல் விற்பனை இன்வாய்ஸ். வாடிக்கையாளர் டெபிட் 28,320, சந்தா விற்பனை கிரெடிட் 24,000, வெளி வரி கிரெடிட் 4,320. இதனால் ஜிஎஸ்டி ரிட்டர்னுக்குப் போக வேண்டிய விவரம் ஒழுங்காகப் போய்விடும். உடனே அதே தேதியில் F7-இல் ஒரு ஜர்னல்:

சந்தா விற்பனை — டெபிட் 24,000
ஈட்டாத சந்தா வருமானம் — கிரெடிட் 24,000

இப்போது விற்பனையில் இருப்பு பூஜ்யம், முழுத் தொகையும் கடன் பக்கம் போய்விட்டது. ஜர்னலின் விவரக் குறிப்பில் இன்வாய்ஸ் எண்ணையும் சந்தாவின் தொடக்க, முடிவுத் தேதிகளையும் எழுதிவிடுங்கள். ஆறு மாதம் கழித்து யாராவது கேட்கும்போது அந்த ஒரு வரி போதும்.

மாதக் கடைசிப் பதிவு

டிசம்பர் 31 அன்று ஒரு மாதச் சேவை முடிந்துவிட்டது. முந்தைய ஜர்னலைத் திருப்பி ஒரு பங்கு மட்டும் எழுத வேண்டும்:

ஈட்டாத சந்தா வருமானம் — டெபிட் 2,000
சந்தா விற்பனை — கிரெடிட் 2,000

ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மாதக் கடைசியிலும் இதேதான். 2026 மார்ச் 31 அன்று அந்த ஆண்டின் வருமானம் 8,000 ரூபாய். மீதி 16,000 பேலன்ஸ் ஷீட்டில் கடனாக நின்று, அடுத்த நிதியாண்டின் ஏப்ரல் முதல் நவம்பர் வரை எட்டு மாதத்தில் கரையும்.

இங்கேதான் உரிமையாளர் குறுக்கே வருவார். "என்ன தம்பி, பணம் முழுசா வந்தாச்சு, ஜிஎஸ்டியும் முழுசா கட்டியாச்சு. லாபத்துல மட்டும் எட்டாயிரம்தான் காட்டுறியே?" என்பார். "அண்ணா, மிச்ச எட்டு மாசம் நாம இன்னும் சேவை கொடுக்கலையே. நாளைக்கே அவர் நிறுத்திட்டா அந்தப் பணத்தைத் திருப்பித் தரணும்" என்று சொன்னால் பெரும்பாலும் புரிந்துகொள்வார். அதோடு ஆண்டுக்கு மொத்தமாகக் கட்டிய சர்வர் வாடகையையும் எடுத்துக்காட்டுங்கள். அதையும் முன்பணச் செலவாக வைத்து மாதத்துக்கு மாதம் பிரிக்க வேண்டும். வருமானத்தை மட்டும் பிரித்துவிட்டுச் செலவை ஒரே மாதத்தில் எழுதினால், அந்த மாத லாபம் பொய்யாகக் குறைந்து தெரியும்.

மாத நடுவில் தொடங்கும் சந்தா

எல்லாரும் ஒன்றாம் தேதி சேர்வதில்லை. ஆம்பூர் யூனிட்டின் சந்தா 2026 ஜனவரி 12 முதல் 2027 ஜனவரி 11 வரை, 365 நாள். இதற்கு நாள் கணக்குதான் சரி. 24,000-ஐ 365-ஆல் வகுத்தால் ஒரு நாளுக்கு 65 ரூபாய் 75 காசுக்குச் சற்று அதிகம்.

ஜனவரியில் 12 முதல் 31 வரை 20 நாள். 12-ஆம் தேதியும் சேரும் என்பதால் 19 அல்ல. வருமானம் 1,315.07. பிப்ரவரி 28 நாளுக்கு 1,841.10. மார்ச் 31 நாளுக்கு 2,038.36. இந்த மூன்றையும் கூட்டினால் 5,194.53 வரும். ஆனால் 79 நாளுக்கு ஒரேயடியாகக் கணக்கிட்டால் 5,194.52. ஒரு காசு வித்தியாசம். ஒரு வாடிக்கையாளருக்கு ஒன்றுமில்லை, முந்நூறு வாடிக்கையாளர் இருந்தால் ஆண்டுக் கடைசியில் லெட்ஜரில் விளக்கமில்லாத சில்லறை நிற்கும்.

அதனால் ஒவ்வொரு மாதத்தையும் தனியாகக் கணக்கிடாதீர்கள். தொடக்கத்திலிருந்து அந்த மாதக் கடைசி வரை மொத்தம் எவ்வளவு ஈட்டியாயிற்று என்று கண்டுபிடித்து, போன மாதம் வரை ஈட்டியதை அதில் கழியுங்கள். அந்த வித்தியாசம்தான் இந்த மாத வருமானம். இப்படிச் செய்தால் கடைசி மாதத்தில் மொத்தம் சரியாக 24,000-இல் போய் நிற்கும், காசு வித்தியாசம் தானாகவே மறையும்.

சில அலுவலகங்களில் பதினைந்தாம் தேதிக்கு முன் தொடங்கினால் முழு மாதம், பின் தொடங்கினால் அடுத்த மாதம் முதல் என்று வைத்திருப்பார்கள். தொகை சிறியது, மாதம் முழுக்கப் பரவலாக ஆட்கள் சேர்கிறார்கள் என்றால் அதில் பெரிய பிழை வராது. ஆனால் மார்ச் கடைசியில் கூட்டம் கூட்டமாகப் புதுப்பிக்கும் தொழிலில் அது ஆண்டு லாபத்தையே அசைக்கும். விரிதாளில் கணக்குப் போடும்போது நாள் கணக்கும் மாதக் கணக்கும் ஒரே உழைப்புதான், அதனால் மாத நடுவில் தொடங்கும் சந்தாவுக்கு நாள் கணக்கையே வைத்துக்கொள்ளச் சொல்வேன்.

கணக்கின் உயிர் ஒரு அட்டவணையில்

ஒவ்வொரு சந்தாவுக்கும் ஒரு வரி வீதம் ஒரு விரிதாள் வைத்துக்கொள்ளுங்கள். A-யில் வாடிக்கையாளர், B-யில் இன்வாய்ஸ் எண், C-யில் இன்வாய்ஸ் தேதி, D-யில் ஜிஎஸ்டி இல்லாத தொகை, E-யில் சேவை தொடங்கும் நாள், F-இல் முடியும் நாள். அதற்கு வலப்புறம் G1, H1, I1 என்று மாதக் கடைசித் தேதிகள். H2-இல் இந்தச் சூத்திரம்:

```
=ROUND($D2*IF(DAY($E2)=1,DATEDIF($E2,MAX($E2,MIN(H$1,$F2)+1),"m")/DATEDIF($E2,$F2+1,"m"),MAX(0,MIN(H$1,$F2)-$E2+1)/($F2-$E2+1)),2)
```

இது அந்த மாதக் கடைசி வரை ஈட்டிய மொத்தத் தொகை. ஒன்றாம் தேதி தொடங்கும் சந்தாவை மாதக் கணக்கிலும், மற்றவற்றை நாள் கணக்கிலும் பிரிக்கும். எல்லா வரிக்கும் எல்லா மாதத்துக்கும் இதையே இழுத்துவிடலாம். சந்தா தொடங்கும் முன் பூஜ்யம் காட்டும், முடிந்த பின் முழுத் தொகையில் நின்றுவிடும். H நெடுவரிசையின் கூட்டலிலிருந்து G-யின் கூட்டலைக் கழித்தால் இந்த மாதம் போட வேண்டிய ஜர்னல் தொகை. ஆளுக்கொரு ஜர்னல் தேவையில்லை, மாதத்துக்கு ஒன்றே போதும். அட்டவணையை அச்செடுத்து அதோடு இணைத்துவிட வேண்டும்.

இந்தத் தாளில் அதிகம் பிழைபடுவது E நெடுவரிசைதான். இன்வாய்ஸ் தேதியை அப்படியே தொடக்க நாளாகப் போட்டுவிடுவார்கள். காட்பாடி மருந்துக் கடைக்காரர் மார்ச் 10 அன்றே அடுத்த ஆண்டுக்கான புதுப்பித்தல் பணத்தைக் கட்டிவிடுகிறார், ஆனால் அவருடைய புதிய சந்தா ஏப்ரல் 1 அன்றுதான் தொடங்குகிறது. மார்ச்சில் அதிலிருந்து ஒரு ரூபாய்கூட வருமானம் இல்லை. முழு 24,000-மும் மார்ச் 31 அன்று கடனாகவே இருக்க வேண்டும். அதே போல, பணம் கட்டி எட்டு நாள் கழித்து லாகின் கொடுத்து, அன்றிலிருந்து ஓராண்டு என்று ஒப்புக்கொண்டால், லாகின் கொடுத்த நாள்தான் தொடக்கம். அந்தத் தேதியை விற்பனைப் பிரிவில் கேட்காமல், மென்பொருளில் கணக்கு திறந்த பதிவிலிருந்து எடுப்பது நம்பகமானது.

F நெடுவரிசையில் சலுகை மறந்துபோகும். பொங்கல் சலுகையாக 'ஓராண்டு கட்டினால் மூன்று மாதம் இலவசம்' என்று விற்றால், 24,000 ரூபாய்க்கு 15 மாதச் சேவை தருகிறோம். மாத வருமானம் 1,600. பன்னிரண்டு மாதத்தில் எல்லாவற்றையும் எழுதிவிட்டு அப்புறம் மூன்று மாதம் வருமானமே இல்லாமல் சேவை கொடுப்பதாகக் காட்டக் கூடாது.

மாதக் கடைசியில் எதைச் சரிபார்ப்பது?

அட்டவணையில் மொத்த இன்வாய்ஸ் தொகையிலிருந்து இதுவரை ஈட்டியதைக் கழித்தால் ஈட்டாத மீதி கிடைக்கும். அது டேலி லெட்ஜரின் கிரெடிட் இருப்போடு காசு சுத்தமாக ஒத்துப்போக வேண்டும். நம் எடுத்துக்காட்டில் மேல்விஷாரத்துக்கு 16,000, ஆம்பூருக்கு 18,805.48, ஆக மார்ச் 31 அன்று 34,805.48. (மருந்துக் கடையின் புதுப்பித்தலைச் சேர்த்தால் 58,805.48.)

ஒத்துப்போகவில்லை என்றால் முதலில் இன்வாய்ஸ் போட்டுவிட்டு ஜர்னல் போட மறந்ததா என்று பாருங்கள், பெரும்பாலும் அதுதான். லெட்ஜர் இருப்பு அட்டவணையைவிடக் குறைவாக இருக்கும், விற்பனை அந்த மாதம் மட்டும் திடீரென்று எகிறியிருக்கும். லெட்ஜரில் அதிகமாக இருந்தால் ஏதோ ஒரு மாத வருமானப் பதிவு விடுபட்டிருக்கலாம். ஈட்டாத வருமானம் டெபிட் இருப்பு காட்டினால் வாங்கியதைவிட அதிகமாக வருமானம் எழுதிவிட்டோம் என்று பொருள்.

இன்னொன்று, பணமும் வராத, சேவையும் தொடங்காத இன்வாய்ஸ். மார்ச் கடைசியில் ஏப்ரல் சந்தாவுக்கு இன்வாய்ஸ் அனுப்பி வைத்தால் வாடிக்கையாளர் பாக்கியும் ஈட்டாத வருமானமும் சேர்ந்து வீங்கும். இரண்டுமே உண்மையில் இன்னும் உருவாகாதவை, ஆண்டுக் கணக்கில் இரண்டையும் ஒன்றோடொன்று கழித்துவிட வேண்டும். ஆனால் இன்வாய்ஸ் போட்டதால் ஜிஎஸ்டி மட்டும் கட்டியாக வேண்டும். அதைத் தவிர்க்க, பணம் வரும் வரை புரோஃபார்மா மட்டும் அனுப்புங்கள்.

ஜிஎஸ்டி மாதத்துக்கு மாதம் பிரியாது

சேவைகளுக்கு ஜிஎஸ்டி, இன்வாய்ஸ் தேதி அல்லது பணம் வந்த தேதி என்ற கணக்கில் ஓடுகிறது. முன்பணம் வாங்கினாலே முழுத் தொகைக்கும் வரி வந்துவிடும். ஆகவே டிசம்பர் ஜிஎஸ்டிஆர்-1-இல் மேல்விஷாரம் இன்வாய்ஸ் 24,000 என்று இருக்கும், நம் லாப நட்டக் கணக்கில் அதே மாதம் 2,000 என்று இருக்கும். இரண்டும் சரி. இதைப் பார்த்துப் பயந்து ஜிஎஸ்டிஆர்-1-ஐக் குறைத்துவிடாதீர்கள்.

ஆனால் வித்தியாசத்துக்குக் கணக்கு கையில் இருக்க வேண்டும், ஏனென்றால் புத்தக விற்பனையும் ரிட்டர்ன் விற்பனையும் ஒத்துவரவில்லை என்று துறையிலிருந்து கேள்வி வரும். ஒப்பிட ஒரு எளிய வழி இருக்கிறது. புத்தக வருமானத்தோடு ஆண்டுக் கடைசி ஈட்டாத வருமானத்தைக் கூட்டி, ஆண்டுத் தொடக்கத்தில் இருந்த ஈட்டாத வருமானத்தைக் கழித்தால், அந்த ஆண்டு போட்ட இன்வாய்ஸ்களின் தொகை வர வேண்டும். மேல்விஷாரம், ஆம்பூர் இரண்டுக்கும் சேர்த்துப் பார்த்தால் வருமானம் 13,194.52, கடைசி இருப்பு 34,805.48, தொடக்க இருப்பு இல்லை. கூட்டினால் 48,000. இரண்டு இன்வாய்ஸ், தலா 24,000. சரி.

வருமான வரியில் ஐசிடிஎஸ் 4 சேவை வருமானத்துக்கான விதி. குறிப்பிட்ட காலம் முழுக்கத் தொடர்ந்து தரும் சேவைக்குக் காலத்துக்குச் சமமாகப் பிரிப்பதை அதுவும் ஏற்கிறது. ரொக்க முறையில் கணக்கு எழுதும் தனிநபர்களுக்கு இப்படி மாதத்துக்கு மாதம் பிரிப்பது பொருந்தாது. அவர்களுக்குப் பணம் வந்த நாள்தான் வருமான நாள்.

பாதியில் நிறுத்தினால்

மேல்விஷாரம் வியாபாரி 2026 மே 31-ஓடு போதும் என்கிறார், மீதியைத் திருப்பித் தர நாமும் ஒப்புக்கொள்கிறோம். டிசம்பர் முதல் மே வரை ஆறு மாதம், ஈட்டியது 12,000. ஈட்டாதது 12,000, அதற்கான ஜிஎஸ்டி 2,160. கிரெடிட் நோட் 14,160-க்கு. ஈட்டாத சந்தா வருமானம் டெபிட் 12,000, வெளி வரி டெபிட் 2,160, வாடிக்கையாளர் கிரெடிட் 14,160. பிறகு வங்கியிலிருந்து அவருக்குப் பணம். லாப நட்டக் கணக்கை இது தொடவே இல்லை.

முதல் நாளே 24,000-ஐயும் விற்பனையாக எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? 2025-26 லாபத்தில் முழுத் தொகை சேர்ந்து அதற்கு வருமான வரியும் கட்டியிருப்போம். மே மாதம் 12,000 ரூபாய் திருப்பும்போது அது புதிய ஆண்டின் விற்பனையைக் குறைத்திருக்கும். இரண்டு ஆண்டுக் கணக்கும் தவறு.

கிரெடிட் நோட்டின் வரிக் குறைப்பை எடுக்க, இன்வாய்ஸ் போட்ட நிதியாண்டுக்கு அடுத்த நவம்பர் 30 வரைதான் நேரம். இந்த இன்வாய்ஸுக்கு அது 2026 நவம்பர் 30. அதற்கு முன்பே ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்துவிட்டால் அந்தத் தேதியோடு முடிந்தது.

பணம் திரும்பக் கிடையாது என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் கதை வேறு. வாடிக்கையாளர் எழுத்து மூலம் ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டு நாமும் லாகினை மூடிவிட்டால், நமக்கு இனிக் கடமை இல்லை. மீதி 12,000-ஐ அந்த மாதமே வருமானமாக எழுதலாம். ஆனால் அவர் மென்பொருளைத் திறக்காமல் சும்மா இருக்கிறார், லாகின் திறந்தே இருக்கிறது என்றால் அப்படி எழுதக் கூடாது. அவர் எந்த நாளும் உள்ளே வரலாம், நாம் தயாராக இருந்தாக வேண்டும். மாதத்துக்கு 2,000 என்ற பழைய வேகமே நவம்பர் வரை தொடரும்.